சொப்பனத்தில் வழங்கும் மொழி

வெளிதேசத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியவனை ஊரார் சோதித்துப் பார்க்கும் முறைகள் பல. சோற்றைக் கையால் பிசைந்து உண்கிறானா, மாமன் முறையாரைக் கண்டால் எழுந்து நிற்கிறானா என்பவையெல்லாம் கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும் சங்கதிகள். ஆனால் பனமரத்துப்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களிடம் இவற்றுக்கெல்லாம் மேலான கடைசிப் பரீட்சையாக ஒரு கேள்வி உண்டு: "ஏங்கண்ணு, இப்பெல்லாங் கனாக்கூட அந்த ஊர் பாசையிலதான் வருதா?" தமிழில்தான் வருகிறது என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் மலர்கிறது, பதில் சொல்பவன் சற்றே தயங்கினாலும், பிள்ளை கைவிட்டுப் போய்விட்டான் என்ற தீர்மானம் அங்கேயே செய்யப்பட்டுவிடுகிறது. விழித்திருக்கும்போது மனிதன் நடிக்கலாம், உறக்கத்தில் நடிக்க இயலாது, ஆகையால் சொப்பனத்தில் எழும் மொழியே அவன் எந்த ஊருக்கு உரியவன் என்பதற்குப் பொய் சொல்லாத சாட்சி என்னும் நம்பிக்கை இக்கேள்விக்கு அடியில் இருக்கிறது. இது நம்மவர்க்கு மட்டும் உரிய நம்பிக்கையன்று. அயல்மொழி பயில்கிறவர்கள், அம்மொழியில் முதற் கனவு வந்த நாளைத் தாங்கள் தேர்ச்சி பெற்ற நாளாகக் கருதிக் கொண்டாடுவது பல தேசங்களிலும் உள்ள வழக்கம். அந்தச் சாட்சியின் வாக்குமூலம் எவ்வளவு தூரம் செல்லத்தக்கது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேலத்துக்குத் தெற்கே ஜருகுமலையின் அடிவாரத்தில் இருக்கும் பனமரத்துப்பட்டி, 1911இல் சேலம் நகரத்தின் குடிநீருக்காக அமைக்கப்பட்ட பெரிய ஏரியாலும், பிற்காலத்தில் அரளிப்பூ வெள்ளாமையாலும் பெயர் பெற்ற ஊர். ஏரி வறண்டு சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த காலம் நீண்டது. மழையை நம்பிய நிலத்தில் பிறந்தவர்கள் பிழைப்பை நாடி வெளியேறுவது சேலம், நாமக்கல் சமவெளியில் புதிதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே கங்காணிகளின் பின்னே சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அநேகர். இன்றோ திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு வடதேசங்களிலும் ஆப்பிரிக்காவிலும் ஆழ்துளைக் கிணறு போடப் போகிறவர்களும், நாமக்கல் லாரிகளில் மாதக்கணக்காக ஹிந்தி பேசித் திரிகிறவர்களும், பொறியியல் படித்துவிட்டு ஐரோப்பாவில் குடியேறியவர்களும் இருக்கிறார்கள். ஆதலால் அந்தக் கேள்வி இங்கே ஓயாமல் கேட்கப்படுவதில் வியப்பில்லை.

இவ்விஷயத்தில் மிகப் பிரசித்தமான சான்றும் இச்சமவெளியைச் சார்ந்ததாகவே அமைந்திருக்கிறது. கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவரேயாயினும், அவர் தாய் கோமளத்தம்மாளின் குடும்பத்துக்கு இஷ்டதேவதை நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயார். கடல் கடந்து போவது ஆசாரத்துக்கு விரோதம் என்று எண்ணிய அத்தாய் மகனுக்கு நெடுநாள் அனுமதி கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் தன் மகன் பெரிய மண்டபத்தில் ஐரோப்பியர் சூழ அமர்ந்திருப்பதாகக் கனாக் கண்டு, அவன் பிறந்த காரியம் நிறைவேறக் குறுக்கே நிற்கலாகாது என்று நாமகிரியே கட்டளையிட்டதாக அறிந்து இசைந்தாள் என்பது அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் பலரும் சொல்லும் செய்தி. 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17இல் சென்னையில் 'நெவாசா' என்னும் கப்பலில் ஏறியவர், ஐந்து ஆண்டுகள் இங்கிலாந்தில் கழித்து, 1919 மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26இல் சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டு வயதில், காலமானார்.

அந்த ஐந்தாண்டு வாழ்க்கை எத்தகையது என்பதற்கு அவரோடு கேம்பிரிட்ஜில் இருந்த பி. சி. மஹலனோபிஸ் சொன்ன ஒரு சிறு செய்தி போதும். குளிரில் இரவெல்லாம் நடுங்குவதாக ராமானுஜன் சொல்லக் கேட்ட அவர், படுக்கையறைக்குள் சென்று பார்த்தபோது, கம்பளிகள் கட்டிலில் ஒழுங்காக விரித்து மெத்தையின் விளிம்பில் செருகப்பட்டபடியே இருந்தனவாம். அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், மேலங்கியையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு அவற்றின் மேலேயே ராமானுஜன் படுத்துவந்திருக்கிறார். பகலில் கணித அறிஞர்களாகிய ஹார்டியோடும் லிட்டில்வுட்டோடும் ஆங்கிலத்தில் கணிதம் பேசி, மாலையில் தன் கையாலேயே சைவச் சமையல் செய்து உண்டு, இரவில் எப்படிப் படுப்பது என்றறியாத கட்டிலில் உறங்கிய அந்த மனிதர் என்ன கனவு கண்டிருப்பார்?

நண்பர்களிடம் அவர் சொன்னவை சில நமக்குக் கிடைத்திருக்கின்றன. நாமகிரித் தாயாரின் நாயகராகிய நரசிம்மரின் அருளுக்கு அடையாளமாக இரத்தத் துளிகள் சொப்பனத்தில் தோன்றும் என்றும், அதன் பின்னர் மிகக் கடினமான கணிதங்கள் எழுதப்பட்ட சுருள்கள் கண்முன் விரியும் என்றும் அவர் கூறியதாகச் சொல்வார்கள். இன்னொரு கனவில், ஓடும் இரத்தத்தாலாகிய சிவந்த திரை ஒன்று தோன்ற, ஒரு கை வந்து அதன்மேல் நீள்வட்டத் தொகையீடுகளை வரிசையாக எழுத, விழித்தவுடன் அவற்றைத் தாம் குறித்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இக்கனவுகளில் வாய் திறந்து பேசியவர் ஒருவரும் இல்லை என்பதைப் படிப்பவர் கவனிக்க வேண்டும். நாமகிரி எந்த மொழியில் உபதேசித்தாள் என்று கேட்க இடமே இல்லை. அங்கே எழுதப்பட்டவை, கும்பகோணத்தில் ஒரு பழைய ஆங்கிலக் கணிதப் புத்தகத்திலிருந்து அவர் பழகிக்கொண்டதும், கேம்பிரிட்ஜின் கரும்பலகையிலும் வழங்கியதுமான குறியீடுகள். எழுத்து மேல்நாட்டுக் கணிதத்தினுடையது; எழுதிய கை நாமக்கல்லைச் சேர்ந்தது. கனவின் மொழியைக் கொண்டு இவரை எவ்வூருக்கு உரியவர் என்று தீர்மானிக்க முற்பட்டால் நம் கையில் ஒன்றும் அகப்படாது. கனவில் அதிகாரம் வகித்தவர் யார் என்று கேட்டாலோ விடை சந்தேகத்துக்கு இடமின்றிக் கிடைக்கிறது.

ஆனால் இச்சான்றிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைப்பது ஆராய்ச்சியாகாது. ராமானுஜனின் மதப்பற்றைப் பற்றிப் பிறர் சொன்னவற்றை ஹார்டி பெரும்பாலும் ஏற்கவில்லை. எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மையானவையாகவே தமக்குத் தோன்றுகின்றன என்று ராமானுஜன் தம்மிடம் சொன்னதை எடுத்துக்காட்டி, ஆசாரங்களை அவர் அனுசரித்தாரேயன்றி அற்புதங்களில் ஊன்றியவரல்லர் என்பதே தம் அபிப்பிராயம் என்று அவர் எழுதினார். தமிழ் நண்பர்களோ நாமகிரியைத் தவிர வேறு பேச்சில்லை என்கிறார்கள். இரண்டில் ஒன்று பொய்யென்று கொள்ள வேண்டிய அவசியமில்லை. ஆங்கிலத்தில் ஓர் ஐயவாதியின் எதிரே அமர்ந்தபோது அவர் நாவில் வந்தது ஒன்று. தாய்மொழியில் தம் ஊர்க்காரரோடு திண்ணையில் அமர்ந்தபோது வந்தது மற்றொன்று. கனவென்பது கண்டவனுக்கு மட்டுமே பிரத்தியட்சம். மற்றவர்க்கு எட்டுவது அவன் சொன்ன கதை மட்டுமே. அக்கதை கேட்பவனையும் சொல்லும் மொழியையும் பொறுத்து உருமாறுகிறது. கனவின் மொழியைப் பற்றிய ஆராய்ச்சிகள் அனைத்தும் முட்டிக்கொள்ளும் முதற் சுவரும் இதுதான்.

இந்தச் சுவரை ஓரளவேனும் தாண்டுவதற்கான வழி 1953இல்தான் கிடைத்தது. சிகாகோப் பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குகிறவனின் மூடிய இமைகளுக்குள்ளே கண்விழிகள் விரைந்து அசையும் வேளைகள் உண்டென்றும், அவ்வேளையில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் தெளிவான கனவைச் சொல்கிறார்கள் என்றும் கண்டறிந்தார்கள். வயது வந்தவரின் உறக்கத்தில் இவ்விழியசைவு உறக்கம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இருக்கும். இரவு முற்ற முற்ற அதன் நீளம் கூடும். ஆகையால் விடியற்காலைக் கனவே நமக்கு அதிகமாக நினைவில் நிற்கிறது. காலையில் எழுந்து காப்பி குடித்துவிட்டு நினைவுபடுத்திச் சொல்லும் கனவுக்கும், அவ்வேளையிலேயே எழுப்பிக் கேட்டு எழுதிக்கொள்ளும் கனவுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது; முன்னதில் சொற்கள் பெரும்பாலும் உதிர்ந்துபோய், 'இன்னார் இப்படிச் சொன்னார்' என்னும் பொருள் மட்டுமே மிஞ்சுகிறது; அப்பொருளுக்கு எந்த மொழியின் சட்டையை மாட்டுவது என்பதை விழித்த மனம் தன் இஷ்டப்படி தீர்மானித்துவிடுகிறது.

இம்முறையைக் கொண்டு டேவிட் ஃபூக்ஸ் என்பவரும் சூரிச் நகர ஆய்வாளர்களும் சேர்ந்து, ஜெர்மனும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்தவர்களை ஆய்வுகூடத்தில் உறங்கச் செய்து, எழுப்பி, கேட்டு, 1993இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். கனவில் பேசிய வாக்கியங்கள் குழறல்களாக இல்லாமல் இலக்கணம் பிறழாத, இடத்துக்குப் பொருத்தமான பேச்சாகவே இருந்தன; எந்த மொழி வருகிறது என்பது கனவில் எதிரே நிற்பவர் யார், உறங்கப் போகுமுன் அவரோடு உரையாடியவர் எம்மொழியில் பேசினார் என்பன போன்ற மிகச் சாதாரணமான காரணங்களைச் சார்ந்திருந்தது. இதை ஊன்றி நோக்குக. ஒருவனைப் படுக்கைக்கு அனுப்புமுன் சிறிது நேரம் ஆங்கிலத்தில் பேசிவிட்டால் அவன் கனவின் மொழி அந்தப் பக்கம் சாயக்கூடுமென்றால், அம்மொழியை அவன் ஆத்மாவின் ஆழத்திலிருந்து எழுந்த வாக்காகக் கொள்வது எங்ஙனம்?

கானடாவின் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் டி கோனிங்க் செய்த ஆராய்ச்சி இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களை, ஆறு வாரம் முழுவதும் பிரெஞ்சு மொழியிலேயே மூழ்கியிருக்கச் செய்யும் பயிற்சிக்கு அனுப்பி, அதற்கு முன்னும் இடையிலும் பின்னும் அவர்கள் உறக்கத்தை அவர் அளந்தார். விரைவாகக் கற்றுத் தேறியவர்களுக்கு விழியசைவு உறக்கத்தின் பங்கு அதிகரித்தது. அவர்களுடைய கனவுகளில் பிரெஞ்சு மொழி மற்றவர்களைவிட முந்தியே தலைகாட்டியது. மாணவர்களின் தொகை மிகச் சிறிது. ஆகையால் இதை விதியாகக் கொள்ளாமல் குறிப்பாகவே கொள்ள வேண்டும். ஆயினும் நம் விசாரணைக்கு இதில் உள்ள ஒரு செய்தி போதும்: அயல்மொழி கனவுக்குள் நுழைய ஆறு வாரமே போதுமானதாயிருந்தது. அம்மாணவர்களில் எவரும் பிரெஞ்சுக்காரராகிவிடவில்லை. பயிற்சி முடிந்ததும் தத்தம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பல ஆண்டு வெளிதேசத்தில் இருந்தவனுக்கு அந்நிய மொழியில் கனவு வருவது கண்டு நாம் திடுக்கிடுவது வீண் என்பதை இதற்குமேல் நிரூபிக்க வேண்டியதில்லை.

கனவில் அயல்மொழியைச் சரளமாகப் பேசியதாகத் தோன்றும் உணர்வும் நம்பத்தக்கதன்று. ஜெர்மானிய மனநோய் வைத்தியர் எமில் கிரேப்பலின், 1906இல் வெளியிட்ட நூலில், கனவுப் பேச்சுக்கு 286 உதாரணங்களைத் திரட்டித் தந்தார். அவற்றில் மிகப் பல அவர் தம்முடைய உறக்கத்திலிருந்தே விழித்தவுடன் எழுதி வைத்தவை. கனவில் அற்புதமான வாக்கியமாகத் தோன்றியது, விழித்துக் காகிதத்தில் இட்டுப் பார்த்தபோது இல்லாத சொற்களாலான பிதற்றலாக இருந்ததுண்டு. அவர் வேண்டுமென்றே பிறழ்ந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்ததால் இது கனவுப் பேச்சு முழுமைக்கும் அளவுகோலாகாது என்பது உண்மையே. பேசியதாக நினைப்பது வேறு, பேசியது வேறு என்ற எச்சரிக்கை மட்டும் செல்லும். உறக்கத்தில் வாய்விட்டு உளறுவதை வைத்துச் சாட்சி சொல்லும் மனைவிமார்களின் வாக்கைக்கூட அப்படியே ஏற்பதற்கில்லை. உளறல் கனவில்லாத ஆழ்ந்த உறக்கத்திலும் எழுவது. பாரிஸில் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உறக்கத்தில் பேசிய 232 பேரின் பேச்சைப் பதிவு செய்து பார்த்ததில், மிக அதிகமாக வந்த சொல் 'இல்லை' என்பதாக இருந்ததாம். எந்தத் தேசத்தானும் உறக்கத்தில் மறுத்துக்கொண்டே இருக்கிறான் என்று இதிலிருந்து வேடிக்கையாக முடிவு கட்டலாம்; மொழிப்பற்றைப் பற்றி முடிவு கட்ட இயலாது.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒருவருடைய கனவை இங்கே விரித்துப் பார்க்க விரும்புகிறேன். பனமரத்துப்பட்டிக்கு அடுத்த ஒரு காட்டுக்கொட்டாயில் பிறந்தவர். இளமையில் ஜெர்மனிக்குப் போய், அங்கேதான் ஜெர்மன் மொழியை முதலிலிருந்து கற்றுக்கொண்டவர். இவ்விடத்தில் ஆங்கிலத்தை விட்டு ஜெர்மனை எடுத்ததற்குக் காரணமுண்டு. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பள்ளியிலேயே மண்டையில் ஏற்றப்பட்டுவிடுகிறது. ஆங்கிலக் கனவு வெளிதேசம் தந்ததா, சேலத்துக் கான்வென்ட்டு தந்ததா என்று பிரித்தறிவது கடினம். ஜெர்மனோ முழுக்க முழுக்க அங்கே வந்து ஒட்டிக்கொண்டது. ஆகையால் பரீட்சை சுத்தமாக இருக்கிறது.

அவரை வளர்த்தவள் அவருடைய அம்மாயி. விடியுமுன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அரளிக் காட்டுக்குள் இறங்கி, பால் கையில் பட்டு எரிய எரிய மொட்டுப் பறித்து, சேலத்துப் பூ மார்க்கெட்டுக்குப் போகும் வண்டி வருவதற்குள் பைகளில் கட்டி முடிப்பாள். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவள். அவள் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மனியில் ஒரு விடியற்காலையில் அவர் கண்ட கனவு இது: ஏரிக்கரையில் அம்மாயி குத்தவைத்து உட்கார்ந்து மொட்டுகளைக் குவித்துக்கொண்டிருக்கிறாள், பேரனை நிமிர்ந்து பார்த்து, பை வேண்டுமா என்று ஜெர்மன் மொழியில் கேட்கிறாள். அவர் தமிழில், "வேண்டாங்க அம்மாயி, நானே கொண்டாந்திருக்கேன்" என்கிறார். அவள் ஜெர்மன் பேசியதில் அவருக்குச் சற்றும் ஆச்சரியம் தோன்றவில்லை. பக்கத்து வரப்பில் இருக்கும் ஆட்கள் காதில் விழுந்துவிடப் போகிறதே என்ற கூச்சம் மட்டும் வயிற்றைப் பிசைந்தது. விழித்து அழுதாராம். "எங்க அம்மாயியையே அந்தப் பாசை வந்து எடுத்துக்கிச்சுங்க" என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

அவர் துக்கத்தை மதிக்கிறேன். அவர் வியாக்கியானத்தை ஏற்கவில்லை. கனவுக்குச் சொந்தமாக ஒரு வாக்கியத்தை ஆக்கும் சக்தி கிடையாது, விழிப்பில் கேட்டதையோ பேசியதையோ துண்டு துண்டாக எடுத்து ஒட்டுகிறது என்று ஃபிராய்டு 1900இலேயே எழுதினார். அவர் கொள்கைகளில் பல இன்று நிற்கவில்லை. இதுவும் முழுதும் நிற்பதன்று. ஆனால் இந்தக் கனவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அந்த நண்பரை நான் விசாரித்தபோது தெரிந்தது: பை வேண்டுமா என்பது, அவர் தினமும் மாலையில் ரொட்டி வாங்கும் கடையில் பணம் வாங்கிப்போடும் பெண் கேட்கும் அதே வாக்கியம், அதே தொனி, வீட்டிலிருந்தே துணிப்பை கொண்டுபோகும் அவர் அவளுக்குச் சொல்லும் பதிலின் பொருளும் அதுவேதான். பையில் பூ கட்டும் அம்மாயியின் தொழிலும், பை வேண்டுமா என்னும் கடைக்காரியின் கேள்வியும் பை என்ற ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு உறக்கத்தில் ஒன்றாகிவிட்டன. ஜெர்மன் மொழி அம்மாயியைக் கவர்ந்துகொண்டு போகவில்லை. முந்தின நாள் மாலை காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை அம்மாயி எடுத்துக்கொண்டாள்.

அவருடைய உரிமையுணர்ச்சியைக் காட்டும் அடையாளம் இக்கனவில் இல்லாமலில்லை. அது வேறிடத்தில் இருக்கிறது. கேட்டது ஜெர்மனாயிருந்தும் பதில் தமிழில் போயிற்று. எதிரே இருப்பவள் அம்மாயி என்பதால், அவள் எந்த மொழி பேசினாலும் அவளுக்கு உரிய மொழி இதுதான் என்று உறங்கும் மனம் அறிந்திருந்தது. அதற்கும் மேலானது அந்தக் கூச்சம். கூச்சப்பட வேண்டுமானால் யாருடைய கண்ணுக்கு எதிரே நிற்கிறோம் என்ற ஓர் எண்ணம் வேண்டும். ஜெர்மனியில் பல ஆண்டுகள் கழித்தபின்னும், எவர் காதில் விழுந்தால் வெட்கம் என்று அவர் மனம் கருதியதோ அவர்கள் பக்கத்து வரப்பில் பூப் பறித்துக்கொண்டிருந்த ஆட்கள். ஒருவன் எங்கே உரியவன் என்பதைக் கனவிலிருந்து அறிய வழியுண்டென்றால், எவர் முன்னிலையில் கூசுகிறான், எவரிடம் அனுமதி கேட்கிறான், எவர் கட்டளைக்குப் பணிகிறான் என்பவற்றிலிருந்தே அறியலாம் என்பது என் துணிபு. கோமளத்தம்மாள் கனவிலும் ஐரோப்பியர் சபையில் வீற்றிருந்தார்கள்; உத்தரவு கொடுத்தவள் நாமகிரி.

இதற்கு ஓர் எதிர்வாதம் எழலாம். கனவு போகட்டும், பல்லாண்டு வெளிதேச வாசத்தில் தாய்மொழியே தேய்ந்து போகிறவர்கள் இல்லையா, அது உரிமை தேய்ந்ததன் அடையாளமாகாதா என்று கேட்கலாம். மோனிகா ஷ்மிட் என்னும் மொழியியலார், நாஜிகளின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு ஆங்கிலம் பேசும் நாடுகளில் அடைக்கலம் புகுந்த யூதர்கள் முதுமையில் அளித்த நேர்முகப் பேச்சுகளை ஆராய்ந்து 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். எத்தனை வயதில் புறப்பட்டார்கள், எத்தனை ஆண்டு ஆயிற்று என்பனவே மொழித் தேய்வை நிர்ணயிக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். அவை அவ்வளவாக நிர்ணயிக்கவில்லை. எந்தக் கட்டத்தில் புறப்பட்டார்கள் என்பதே அதிகமாக நிர்ணயித்தது. ஆட்சி மாறிய தொடக்கத்திலேயே போனவர்களின் ஜெர்மன் பெரும்பாலும் சேதமின்றி இருந்தது. 1938 நவம்பரில் ஆலயங்கள் கொளுத்தப்பட்டு வீடுகள் சூறையாடப்பட்ட பின்னர் ஓடியவர்களின் ஜெர்மன் மிகவும் சிதைந்திருந்தது. காலம் மொழியை அரிக்கிறது என்பதைவிட, ஊர் தன்னைத் துரத்தியது என்ற நினைவு அரிக்கிறது என்று கொள்வதே இங்குப் பொருந்துகிறது. நம் ரிக் வண்டிக்காரர்களும் பொறியியலாளர்களும் ஊரோடு பிணங்கிப் போனவர்களல்லர்; பொங்கலுக்கு லீவு போட்டு வருகிறவர்கள்.

இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே நினைக்க வேண்டும். முன்னே சொன்ன இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் சந்ததியாரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் முடிவு செய்தது. தங்கள் பாட்டன்மார் விட்டுப்போன ஜில்லாக்களுக்குத் 'திரும்பியவர்கள்' என்று சொல்லப்பட்ட இவர்களிற் பெரும்பாலோர் அதற்குமுன் இம்மண்ணை மிதித்தவர்களே அல்லர். மலையில் அவர்கள் கண்ட கனவும் தமிழ். சமவெளியில் கண்ட கனவும் தமிழ். பெரியவர்களின் கேள்வியை இவர்களிடம் கேட்டால் எல்லோரும் முதல் வகுப்பில் தேறிவிடுவார்கள்; ஆனால் இங்கே அவர்களை நெடுங்காலம் 'சிலோன்காரர்' என்றே அழைத்தோம். மொழி ஒன்றாயிருந்தும் ஊர் கிட்டவில்லை. கனவின் மொழி என்னும் உரைகல், பொன்னுக்கும் பித்தளைக்கும் ஒரே கோட்டைத்தான் காட்டுகிறது.

இவ்விஷயத்தில் நம்மிடம் இல்லாதது சிந்தனையன்று, பதிவு. ஜெர்மானியரிடமிருந்தும் கானடாக்காரரிடமிருந்தும் கடன் வாங்கியே நான் இவ்வளவும் எழுத நேர்ந்தது. ஆதலால் வெளிதேசத்தில் இருக்கும், அல்லது இருந்து திரும்பிய வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கனவு கண்டு விழித்தால் கண்ணைத் திறக்குமுன் அசையாமல் கிடந்து கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி நினைவுகூருங்கள். கேட்ட வாக்கியத்தை எந்த மொழியில் கேட்டீர்களோ அம்மொழியிலேயே எழுதுங்கள். சொல் மறந்து பொருள் மட்டும் நின்றால், மொழி நினைவில்லை என்றே எழுதுங்கள். அங்கே தமிழ் என்று ஊகித்து எழுதுவதுதான் இத்தகைய குறிப்புகளைக் கெடுக்கும் பெரிய தோஷம். பேசியவர் யார், பதில் எம்மொழியில் போயிற்று, யார் பார்த்துக்கொண்டிருந்தார், முந்தின நாள் மாலை கடைசியாக யாரோடு எம்மொழியில் பேசினீர்கள் என்பவற்றையும் உடனே சேர்த்துவிடுங்கள். தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கைப்பேசியைத் தொட வேண்டாம், அதில் இரவு வந்து காத்திருக்கும் செய்திகளின் மொழி முந்திக்கொள்ளும்.